பூஜ்ஜியமும் ஓர் எண்தான் என்று ஐந்து வயது மகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

கீழ்வானம்

என் மகளுக்கு ஐந்து வயது முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இருபது வரை பொருள்களைத் தொட்டுத் தொட்டுப் பிழையின்றி எண்ணுவாள். 0 என்ற குறியைக் காட்டினால் பூஜ்ஜியம் என்று வாசிப்பாள். நேற்று மாலை ஒரு டப்பாவின் மூடியில் ஐந்து பொத்தான்களைப் போட்டு, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மீதம் எத்தனை என்று தாளில் எழுதச் சொன்னேன். 5, 4, 3, 2, 1 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே வந்தாள். கடைசிப் பொத்தானையும் எடுத்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இப்போது எத்தனை இருக்கிறது?" என்று கேட்டேன். "இல்லை" என்றாள். "எத்தனை என்று கேட்டேன்" என்றதும், என்னைத் திருத்துகிற குரலில், "எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லையே, பிறகு எத்தனை என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டாள். வெறும் உள்ளங்கையை விரித்து, "இதுதான் பூஜ்ஜியம்" என்று காட்டினேன். "அது கை" என்றாள்.

அவளுடைய வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. பொருள்களைத் தொட்டுக்கொண்டே சொல்லும்போது கிடைப்பது எண் என்றால், எதையும் தொடாமல் கிடைக்கிற பூஜ்ஜியம் எப்படி எண்ணாகும்? அது எண்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் "எண்ணுவதற்கு எதுவுமில்லை" என்பதற்கும் "பூஜ்ஜியம் இருக்கிறது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு குழந்தைக்குச் சொல்ல முயலும்போது எனக்கே சொற்கள் கிடைக்கவில்லை. சிறு குழந்தைகளோடு பழகியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கரும்பலகை

தொடக்க வகுப்புகளில் நீண்ட காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகள் சொன்னதை முதலில் மதித்துவிடுங்கள். எண்ணிக்கை என்றால் என்ன என்று அவள் புரிந்துகொண்டிருப்பதால்தான் பூஜ்ஜியம் அவளுக்கு இடறுகிறது. எண்களை வெறும் பாட்டாக ஒப்பிக்கிற குழந்தைக்கு இந்தத் தடையே வராது.

குழந்தைகள் பூஜ்ஜியத்தை ஒரே தாவலில் பிடிப்பதில்லை. வெல்மன், மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் இதைப் பற்றி எழுதியது, நான் வகுப்பில் கண்டதோடு ஒத்துப்போகிறது. முதலில் குழந்தை 0 என்ற குறியின் பெயரை அறிகிறது. பிறகு அந்தப் பெயர் "ஒன்றுமில்லை" என்பதைக் குறிக்கிறது என்று அறிகிறது. அதற்கும் பிறகுதான், அந்த "ஒன்றுமில்லை" மற்ற எண்களோடு ஒரே வரிசையில், ஒன்றுக்கும் முன்னால் நிற்கிறது என்பது புலப்படுகிறது. இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் இடையே நல்ல இடைவெளி உண்டு. உங்கள் மகள் எங்கே நிற்கிறாள் என்று அறிய ஒரு கேள்வி போதும்: எல்லாவற்றையும்விடச் சிறிய எண் எது என்று கேளுங்கள். ஒன்று என்று சொன்னால் மூன்றாவது படி இன்னும் வரவில்லை என்று பொருள்.

வெறும் கையைக் காட்டியது பலிக்காததற்குக் காரணம் இருக்கிறது. பூஜ்ஜியம் என்பது ஒரு காட்சி அன்று; "எத்தனை?" என்ற கேள்விக்கான விடை. கையைக் காட்டியபோது எந்தப் பொருளைப் பற்றிய கேள்வி என்பது அங்கே இல்லை. அதனால் அவள் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

இதை இப்படிச் சோதித்துப் பாருங்கள். அதே மூடியில் மணிகளை நிறையப் போட்டு, ஒரு பொத்தான்கூட இல்லாமல் வைத்து, "இதில் எத்தனை பொத்தான்?" என்று கேளுங்கள். மூடி நிறைந்திருக்கிறது, ஆனாலும் பொத்தான் பூஜ்ஜியம். அவள் மூடிக்குள் பார்க்க வேண்டும், மணிகளை விலக்கித் தேட வேண்டும், தேடிய பிறகே விடை சொல்ல வேண்டும். அந்தத் தேடல்தான் அவளுக்கு எண்ணுவது போன்ற ஒரு வேலையாக இருக்கும். பூஜ்ஜியத்தை வெறுமையோடு ஒட்டிப் பார்க்கும் பழக்கமும் அங்கேயே தளரும்.

நேர்கோடு

இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. பாடநூல்களில் இயல் எண்கள் 1, 2, 3 என்றுதானே தொடங்குகின்றன? பூஜ்ஜியம் இயல் எண் அன்று. ஆகவே குழந்தை சொல்வதே சரி; அதை ஏன் மாற்ற வேண்டும்? உண்மையில் பூஜ்ஜியம் ஓர் இடத்தை நிரப்புவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட குறி. 10, 20, 305 என்று எழுதும்போது காலியாக இருக்கும் இடத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை. பத்து வரை எழுதத் தெரிந்த குழந்தைக்கு அந்த வேலையைக் காட்டினாலே போதும். எண்ணா இல்லையா என்ற ஆராய்ச்சியைப் பெரிய வகுப்புக்கு விட்டுவிடலாம்.

அல்லிக்குளம்

நேர்கோடு அவர்கள் சொன்னதில் பாதி சரி. இயல் எண்களை ஒன்றில் தொடங்குவதா பூஜ்ஜியத்தில் தொடங்குவதா என்பது வழக்கத்தைப் பொறுத்தது. கணிதம் படித்தவர்களே இன்றும் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். எண்களுக்கு அடிப்படை விதிகளை வகுத்த பியானோ 1889-இல் ஒன்றிலிருந்து தொடங்கினார். பிற்காலத்தில் அவரே பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினார். ஆனால் இயல் எண் என்ற கூட்டத்தில் சேர்ப்பதா என்பது ஒரு கேள்வி, எண்ணா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்வியில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இடத்தை நிரப்பும் குறி என்று சொன்னதும் உண்மைதான். அந்த வேலைக்கான குறி பாபிலோனியரிடம் மிகப் பழைய காலத்திலேயே இருந்தது. ஆனால் அவர்கள் அதைக் கூட்டவோ கழிக்கவோ இல்லை. எழுத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது என்று காட்டினார்கள், அவ்வளவுதான். 628-இல் பிரம்மகுப்தர் வேறொன்றைச் செய்தார். ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் கிடைப்பது பூஜ்ஜியம் என்றார். அதை மற்ற எண்களோடு கூட்டினால், கழித்தால், பெருக்கினால் என்ன வரும் என்றும் விதி சொன்னார். குறியாக இருந்தது எண்ணாக மாறியது அங்கேதான் என்பது என் எண்ணம். கணக்கில் கலந்துகொள்வது எண். கலந்துகொள்ளாமல் இடத்தை மட்டும் பிடித்திருப்பது குறி.

இந்தக் குழந்தைக்கு அந்த வரலாறு தேவையில்லை. ஆனால் அவள் எழுதிய தாள் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஐந்திலிருந்து நான்கை எடுத்தால் விடை எழுத இடம் இருக்கிறது. ஐந்திலிருந்து ஐந்தை எடுத்தால் பென்சில் கீழே போய்விடுகிறது. ஒரே விளையாட்டு, ஒரே கேள்வி. ஒரு தடவை மட்டும் விடையில்லை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பூஜ்ஜியம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்தில் வரும் பூஜ்ஜியத்தை இப்போது தொடவே வேண்டாம். "பூஜ்ஜியம் என்றால் ஒன்றுமில்லை" என்று நன்றாகப் பழகிய குழந்தை, "அப்படியானால் 10 என்பது ஒன்றும், பிறகு ஒன்றுமில்லாததும்; ஆகவே 10 என்றால் 1" என்று முடிவுகட்டுவதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். இரண்டு வேலைகளையும் ஒரே வாரத்தில் காட்டினால் குழப்பம் உறுதி.

தும்பி

இந்த இழையை என் மகனுக்காகவே திறந்தது போல் இருக்கிறது. எங்கள் வீட்டில் நேர்மாறான சிக்கல். பூஜ்ஜியமும் எண்தான் என்று நாங்கள் மூன்று வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டோம். சுவரில் ஒட்டிய எண் அட்டையும் 0-இல்தான் தொடங்குகிறது. இப்போது நான்கரை வயது. மூன்று பென்சில்களை முன்னால் வைத்தால், முதல் பென்சிலைத் தொட்டு "பூஜ்ஜியம்", இரண்டாவதைத் தொட்டு "ஒன்று", மூன்றாவதைத் தொட்டு "இரண்டு" என்று சொல்லி, "இரண்டு பென்சில்" என்று முடிக்கிறான். ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைகிறது. பூஜ்ஜியத்தைச் சொல்லாதே என்றால், "அதுவும் எண் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று அழுகிறான். பூஜ்ஜியத்தைச் சீக்கிரம் சொல்லிக்கொடுத்தது எங்கள் பிழையா?

கரும்பலகை

பிழை என்று சொல்ல மாட்டேன், அம்மா. அவனுக்குப் பூஜ்ஜியத்தைச் சொல்லும் நேரம் எது என்பது மட்டும் தெரியவில்லை. எண் அட்டையில் பூஜ்ஜியம் முதலாவதாக நிற்பதால், முதல் பொருளுக்கு அந்தப் பெயரைக் கொடுக்கிறான். அவன் பார்வையில் அது நியாயமான முடிவு.

பொருள்களை வரிசையாகப் பரப்பி வைத்து எண்ணுவதைச் சில நாள்களுக்கு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு காலி டப்பாவை எடுத்து, பென்சில்களைத் தள்ளி வைத்து, டப்பாவுக்குள் அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். எதையும் கையில் எடுக்கும் முன், "டப்பாவில் எத்தனை பென்சில்? பூஜ்ஜியம்" என்று அவனே சொல்லட்டும். பிறகு ஒரு பென்சிலைப் போட்டு, அது விழுந்த சத்தம் கேட்ட பிறகு, "ஒன்று". இன்னொன்று விழுந்த பிறகு, "இரண்டு". சொல் எப்போதும் பொருள் விழுந்த பிறகே வர வேண்டும். இப்படிச் செய்தால் எண்ணின் பெயர் அந்தப் பென்சிலின் பெயராக இல்லாமல், டப்பாவில் அதுவரை சேர்ந்திருப்பதன் அளவாக மாறும். பூஜ்ஜியத்திற்கும் சரியான இடம் கிடைக்கும்: முதல் பென்சிலுக்கு முன்னால்.

மாறியிருக்கிறதா என்று அறிய அளவுகோலைக் கொடுத்துப் பாருங்கள். பென்சிலின் நுனியை 1 என்ற கோட்டில் வைத்து அளக்கிறானா, 0 என்ற கோட்டில் வைக்கிறானா என்று கவனியுங்கள். கட்டங்களில் காய் நகர்த்தும் விளையாட்டிலும் இதே தவறு தெரியும்: நிற்கிற கட்டத்தையே "ஒன்று" என்று எண்ணிவிட்டு, ஒரு கட்டம் குறைவாகப் போகும் குழந்தைகள் உண்டு. "இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை, எத்தனை அடி வந்திருக்கிறாய்?" என்று கேட்டால் பூஜ்ஜியம் தன் வேலையைத் தானே காட்டும்.

ஆறாம் வகுப்பு அப்பா

எனக்கும் இதே கேள்விதான். என் மகன் ஆறாம் வகுப்பு. எந்த எண்ணையும் பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். பூஜ்ஜியமும் எண் என்றால் ஏன் வகுக்கக் கூடாது, விடை முடிவிலி என்று வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறான். எளிதாக விளக்க முடியுமா?

அல்லிக்குளம்

இது வேறு கேள்வி, நண்பரே. இந்த இழையில் பேசப்படுவது ஐந்து வயதுக் குழந்தைக்கானது. சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். 12-ஐ 3-ஆல் வகுப்பது என்றால், எதை 3-ஆல் பெருக்கினால் 12 வரும் என்று தேடுவது. எதைப் பூஜ்ஜியத்தால் பெருக்கினால் 12 வரும் என்று உங்கள் மகனையே தேடச் சொல்லுங்கள். பிரம்மகுப்தரே பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்று எழுதினார். அதை இன்று நாம் ஏற்பதில்லை. அவ்வளவு பெரியவருக்கே இடறிய இடம் என்று அவனிடம் சொன்னால் ஆறுதலாக இருக்கும். மேற்கொண்டு பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

கீழ்வானம்

எல்லோருக்கும் நன்றி. மணி நிறைந்த மூடியை அன்றே செய்து பார்த்தேன். மணிகளைக் கையால் கிளறித் தேடிவிட்டு, "பொத்தான் இல்லை" என்றாள். "எத்தனை?" என்று கேட்டதும் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "பூஜ்ஜியமா?" என்று கேட்டாள். எனக்குப் பிடித்த விடையை ஊகித்துச் சொல்கிறாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஆகவே அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு வேறொன்று செய்தேன். ஜன்னல் ஓரத்தில் தினமும் காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, வந்து அமரும் பறவைகளை எண்ணி ஓர் அட்டவணையில் எழுதுவது என்று இருவரும் முடிவு செய்தோம். ஐந்து நாள், ஐந்து கட்டம். திங்கள் 3, செவ்வாய் 1. புதன்கிழமை பத்து நிமிடமும் உட்கார்ந்திருந்தோம். ஒரு பறவைகூட வரவில்லை. அவள் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை தாமதமாக எழுந்ததால் ஜன்னல் பக்கமே போகவில்லை. அந்தக் கட்டமும் வெறுமையாக நின்றது. வெள்ளி 2.

சனிக்கிழமை அட்டவணையை அவள் முன்னால் வைத்து, "நாம் பார்க்க மறந்துபோன நாள் எது?" என்று கேட்டேன். புதன் கட்டத்தில் விரலை வைத்தாள், பிறகு வியாழன் கட்டத்திற்கு நகர்த்தினாள், மறுபடி புதனுக்கே வந்தாள். இரண்டும் ஒன்று போலவே இருந்தன. "ஒரு நாள் பார்த்தோம், அது வரவில்லை. ஒரு நாள் பார்க்கவே இல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எது எது என்று அவளுக்கு நினைவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "மறந்துபோகாமல் இருக்க என்ன செய்திருக்கலாம்?" என்று கேட்டேன். புதன் கட்டத்தில் பெரிதாக ஒரு 0 போட்டாள். வியாழனில் போடட்டுமா என்று நான் கேட்டதற்கு, "கூடாது, அன்றைக்கு நமக்குத் தெரியாது" என்றாள். வியாழக்கிழமை பறவை வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம் என்பதை அவளே எட்டிவிட்டாள்.

பிறகு எத்தனை நாள் பார்த்தோம் என்று கேட்டேன். நான்கு என்றாள், புதனையும் சேர்த்து. ஆனால் மிகக் குறைவாகப் பறவை வந்த நாள் எது என்று கேட்டபோது தயங்காமல் செவ்வாய் என்றாள், ஒன்று வந்த நாள். சிறிய எண் எது என்று கேட்டாலும் ஒன்றுதான். கரும்பலகை ஐயா சொன்ன இடைவெளியை அப்போது கண்ணால் பார்த்தேன்.

சொல்லேர்

நான் கணக்கு அறிந்தவள் அல்ல, மொழி கற்பிப்பவள். கீழ்வானம் அவர்கள் எழுதியதில் ஒன்று என் கண்ணில் பட்டது. குழந்தை ஒவ்வொரு முறையும் "இல்லை" என்றுதான் விடை சொல்கிறது. தமிழில் அதுவே இயல்பான விடை. எத்தனை பறவை வந்தன என்று கேட்டால், "மூன்று வந்தன", "ஒன்று வந்தது" என்போம். அதற்கு அடுத்த படியில் "பூஜ்ஜியம் வந்தது" என்று யாரும் சொல்வதில்லை. வினையையே மாற்றி, "ஒன்றும் வரவில்லை" என்கிறோம். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் போய்விடுகிறது, வினை எதிர்மறையாகிவிடுகிறது. அதிலும் "ஒன்றும்" என்ற சொல்லில் மறைந்திருப்பது ஒன்று என்ற எண்தான். ஒன்று என்ற அளவுகூட இல்லை என்பதே அதன் பொருள். ஒன்றுதான் கடைசிப் படி, அதற்குக் கீழே எண் கிடையாது என்று குழந்தை நினைப்பதற்கு நம் வாக்கிய அமைப்பே துணை நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பூஜ்ஜியத்திற்கு நாம் வழங்கும் மற்றொரு சொல்லான சூனியமும் வெறுமை என்ற பொருளையே முன்னால் நிறுத்துகிறது. சுழி, சுழியம் என்ற சொற்கள் வடிவத்தைச் சொல்கின்றன. எதுவுமே எண்ணிக்கையைச் சொல்வதில்லை.

அதற்காகக் குழந்தையிடம் "பூஜ்ஜியம் பறவை வந்தது" என்று பேசத் தொடங்க வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அது தமிழாக இல்லை. குழந்தை அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

கரும்பலகை

மிக நல்ல கவனிப்பு. இதை நான் இப்படி யோசித்ததில்லை. ஆனால் தீர்வில் எனக்குச் சிறு வேறுபாடு இருக்கிறது. பேச்சில் "வரவில்லை" என்றே இருக்கட்டும். யாரும் திருத்த வேண்டாம். எழுத்தில் மட்டும் 0 வரட்டும். அட்டவணை பலித்ததற்குக் காரணமே அதுதான். கட்டத்தில் வாக்கியம் எழுத இடமில்லை. எண் ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். ஆகவே "இல்லை" என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் 0 எழுதும் குழந்தை, இரண்டும் ஒரே செய்தியின் இரு முகங்கள் என்று பழகும். வகுப்பில் சில பிள்ளைகளிடம் "பூஜ்ஜியம் பொத்தான்" என்று நான் சொல்லிப் பழக்கியதும் உண்டு. அவர்கள் சிரித்தார்கள், ஆனால் பிறகு தாங்களே அப்படிச் சொன்னார்கள். எது சிறந்தது என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த படிக்கு, அதாவது ஒன்றைவிடச் சிறியது எது என்பதற்கு, அதே அட்டவணையை வைத்துக்கொண்டே போகலாம். பறவைக்கு ஒரு கட்டை என்று வைத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு அட்டையின்மேல் கட்டைகளை அடுக்கச் சொல்லுங்கள். திங்கள் அட்டையில் மூன்று கட்டை உயரம், வெள்ளியில் இரண்டு, செவ்வாயில் ஒன்று. புதன் அட்டையும் அங்கே இருக்க வேண்டும், கட்டை இல்லாமல். வியாழனுக்கு அட்டையே வேண்டாம். உயரத்தின்படி அட்டைகளை இறக்கி வைக்கச் சொன்னால், புதனை எங்கே வைப்பது என்று அவள் முடிவு செய்தே ஆக வேண்டும். முதலில் தனியாக ஒதுக்கி வைப்பாள். அப்போது விடையைச் சொல்லிக்கொடுக்காமல், "வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு வர எத்தனை கட்டை எடுத்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். ஒன்று என்பாள். "செவ்வாயிலிருந்து இன்னும் ஒன்றை எடுத்தால் எந்த நாள் போல ஆகும்?" என்று அடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டைதான் குறைகிறது. கடைசிப் படிக்கும் அதே ஒரு கட்டைதான். வரிசை உடையாமல் புதனில் போய் முடிகிறது.

நேர்கோடு

அட்டவணையைப் படித்த பிறகு என் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். வெற்றிடமும் பூஜ்ஜியமும் ஒன்றல்ல என்பதை ஐந்து வயதுக் குழந்தை பிடித்துக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை. நான் வேலை செய்யும் இடத்திலேயே, பதியப்படாத அளவுகளுக்குப் பூஜ்ஜியம் என்று நிரப்பிவிட்டுச் சராசரி எடுத்துத் தவறிய பெரியவர்கள் இருக்கிறார்கள்.

ஆனாலும் ஒரு சந்தேகம். வெப்பமானியில் பூஜ்ஜியம் என்றால் வெப்பமே இல்லை என்று பொருள் இல்லையே? பூஜ்ஜியம் என்றால் "எதுவும் இல்லாத அளவு" என்று இப்போது பழக்கிவிட்டால், பிறகு அதை அழிக்க வேண்டியிருக்காதா? எண்வரிசையில் ஒரு புள்ளி என்றே முதலிலிருந்து சொல்லிவிட்டால் என்ன?

அல்லிக்குளம்

வெப்பமானியின் பூஜ்ஜியம், மனிதர்கள் தேர்ந்தெடுத்த ஒரு தொடக்கக் கோடு. செல்சியஸ் அளவில் அது தண்ணீர் உறைகிற இடம். பொத்தான்களின் பூஜ்ஜியத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை; பொத்தான்களே அதை முடிவு செய்கின்றன. இரண்டிலும் ஒன்றின் முந்தைய படியில் இருப்பது மட்டும் பொது. குழந்தை எண்ணிக்கையின் பூஜ்ஜியத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டால், பிறகு கோட்டின் பூஜ்ஜியத்திற்குப் போவது கடினமாக இருக்காது என்பது என் அனுபவம். நேர்மாறாகப் புள்ளியில் தொடங்கினால், தும்பி அவர்களின் மகனுக்கு நேர்ந்தது போலப் பூஜ்ஜியம் வெறும் முதல் பெயராகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் இதுவே சரி என்று சாதிக்க மாட்டேன்.

தும்பி

டப்பாவில் போட்டு எண்ணும் முறையை ஆறு நாள்களாகச் செய்கிறோம். பென்சில் விழும் சத்தத்திற்காகக் காத்திருப்பது அவனுக்குப் பிடித்துவிட்டது. டப்பாவில் தவறுவதில்லை. ஆனால் மேசைமேல் பரப்பி வைத்தால் சில சமயம் இன்னும் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறான். நேற்று அப்படித் தொடங்கிவிட்டு, பாதியிலேயே நிறுத்தி, "இல்லை, பூஜ்ஜியம் தொடுவதற்கு முன்னாடி" என்று தானே திருத்திக்கொண்டான். அந்த வாக்கியத்தை நாங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கீழ்வானம்

கட்டை அடுக்கும் வேலையை நேற்றும் இன்றும் செய்தோம். ஐயா சொன்னபடியே புதன் அட்டையை முதலில் எடுத்து மேசையின் மறுகோடியில் வைத்தாள். "இது விளையாட்டில் இல்லை" என்றாள். வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு எத்தனை எடுத்தாய் என்ற கேள்விக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு, செவ்வாயின் ஒற்றைக் கட்டையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு, காலி அட்டையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கட்டையைத் திரும்ப வைத்துவிட்டு, மறுகோடியிலிருந்த புதன் அட்டையை எடுத்துவந்து செவ்வாயின் பக்கத்தில் வைத்தாள். இன்று காலை, மிகக் குறைவாகப் பறவை வந்த நாள் எது என்று கேட்டதற்குப் புதன் என்றாள். எல்லாவற்றையும்விடச் சிறிய எண் எது என்று கேட்டபோது, "பறவைக்கு என்றால் பூஜ்ஜியம், சும்மா என்றால் ஒன்று" என்றாள். இது எந்தப் படி என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். மாலையில் அவளே கேள்வி கேட்கத் தொடங்கினாள். "பாம்புக்கு எத்தனை கால்?" என்று கேட்டு, "பூஜ்ஜியம்" என்று தானே சொன்னாள். "மேசைக்கு எத்தனை சிறகு? பூஜ்ஜியம்." பிறகு, "பாட்டுக்கு எத்தனை கால்?" என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டாள். அது பூஜ்ஜியமா, அல்லது வியாழக்கிழமை போலவா என்று என்னைக் கேட்கிறாள். நான் விடை சொல்லவில்லை.

அல்லிக்குளம்

பூஜ்ஜியம்தான் என்பேன். கால்களை ஒரு பக்கம் குவித்து, அவற்றில் எத்தனை பாட்டினுடையவை என்று கேட்டால், ஒன்றும் இல்லை, விடை பூஜ்ஜியம். வியாழக்கிழமை விடை இருந்தது, நமக்குத் தெரியவில்லை. இங்கே தெரியாதது எதுவும் இல்லை.

சொல்லேர்

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாம்பின் உடலைப் பார்த்துக் காலைத் தேட முடியும்; தேடியும் கிடைக்காதபோது பூஜ்ஜியம் என்கிறோம். பாட்டில் எங்கே தேடுவது? தேடலே நடக்க முடியாத இடத்தில் எத்தனை என்ற கேள்வியே பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். அவள் கேட்ட இரண்டிலும் சேராத மூன்றாவது வகை இது.

கரும்பலகை

இருவரும் சொல்வதில் எதைத் தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் இந்தக் கேள்வி வந்திருந்தால் நான் பிள்ளைகளிடமே விட்டிருப்பேன். அம்மா, நீங்கள் விடை சொல்லாமல் விட்டது நல்லது. அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள், ஏன் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். "சும்மா என்றால் ஒன்று" என்று அவள் சொன்னதையும் இப்போதைக்குத் திருத்த வேண்டாம். அட்டவணையில் இன்னும் இரண்டு வாரம் போகட்டும். பறவை வராத நாள் இன்னும் ஒன்றிரண்டு வந்தால் நல்லது.